வங்கிக்கு உங்கள் வருமானம் தெரியாது

கேள்வி: ஆடிட்டர் சார், எனக்கு 54 வயது. கணவர் தவறிய பிறகு வந்த இன்சூரன்ஸ் பணம் 12 லட்சத்தை 2024 ஏப்ரலில் வங்கியில் மூன்று வருட டெபாசிட்டாகப் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 21,000 ரூபாய் வட்டி வரும் என்றார்கள். 18,900தான் வருகிறது. கேட்டால் டிடிஎஸ் என்கிறார்கள். கூட்டுறவு வங்கியில் 3 லட்சம் போட்டிருக்கிறேன், அங்கே எதுவும் பிடிக்கவில்லை. வீட்டில் தையல் வேலை செய்கிறேன். நூல், கரண்ட் செலவு போக மாதம் ஆறாயிரம் நிற்கும். மகன் சென்னையிலிருந்து மாதம் ஐந்தாயிரம் அனுப்புகிறான். நான் எதற்கு வரி கட்ட வேண்டும்? அதே வங்கியில் என் மாமியாருக்கு (வயது 71) 5 லட்சம் இருக்கிறது, அவருக்குப் பிடிக்கவில்லை. "எல்லாப் பணத்தையும் அவர் பெயருக்கு மாற்றிவிடு" என்கிறார்கள். மாற்றலாமா? போன பணம் திரும்ப வருமா?
— ஒரு வாசகி, கோவில்பட்டி, 2025 நவம்பர்

பதில்:

வரும் அம்மா. முழுதாகவே வரும். ஆனால் 2024-25ஆம் ஆண்டில் பிடித்த பணத்தைக் கேட்டு வாங்க இந்த டிசம்பர் 31 வரைதான் உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதனால் இதைப் படித்து முடித்ததும் தள்ளிப்போட வேண்டாம். பணத்தை மாமியார் பெயருக்கு மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஏன் பிடித்தார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இங்கே இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒன்று, வரி கட்ட வேண்டிய வரம்பு. புதிய வரி முறையில் இந்த நிதியாண்டில், அதாவது 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை, ஒருவரின் மொத்த வருமானம் 4 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வரியே கிடையாது. இன்னொன்று, வங்கி வட்டியில் கை வைக்கத் தொடங்கும் வரம்பு. அறுபது வயதுக்குக் கீழே உள்ளவருக்கு ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டில் வரும் டெபாசிட் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடித்தாக வேண்டும், அந்தப் பிடித்தம்தான் டிடிஎஸ். சென்ற ஆண்டு இந்த வரம்பு 40,000 ஆக இருந்தது. இந்த இரண்டாவது வரம்புக்கும் நீங்கள் வரி கட்ட வேண்டுமா இல்லையா என்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பலர் குழம்பிப் போவது இந்த இடத்தில்தான்.

வங்கியின் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் 12 லட்சத்துக்கு வருடம் 84,000 வட்டி கொடுக்கிறோம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். நீங்கள் தையல் இயந்திரத்தை நம்பி இருப்பவரா, நான்கு வீடு வாடகைக்கு விட்டவரா என்பது தெரியாது. தெரியாத நிலையில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்து, உங்கள் பான் எண்ணின் பெயரில் வருமான வரித்துறையில் கட்டிவை என்று சட்டம் சொல்கிறது. அப்படிக் கட்டி வைத்த பணம் உங்கள் பெயரில் இருக்கும் முன்பணம்தான். வரி வராதவர் கேட்டால் துறை அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். கேட்காதவருக்குத் தானாக வராது.

ஒன்றைக் கவனியுங்கள். 50,000-ஐத் தாண்டிய 34,000-க்கு மட்டும் பிடிப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரம்பைத் தாண்டினால் முழு வட்டிக்கும் பிடித்தம் உண்டு. 84,000-க்கு 8,400. காலாண்டுக்கு 2,100. உங்களுக்குக் குறைந்திருப்பதும் அதே தொகைதான். இதிலிருந்து இன்னொரு நல்ல செய்தியும் தெரிகிறது. பான் எண் கொடுக்காதவர்களுக்கும், பானும் ஆதாரும் இணையாததால் பான் முடங்கியவர்களுக்கும் 20 சதவீதம் பிடிப்பார்கள். உங்களுக்குப் பத்துதான் பிடித்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பான் வங்கியில் சரியாகப் பதிவாகியிருக்கிறது.

கூட்டுறவு வங்கியில் ஏன் பிடிக்கவில்லை? 3 லட்சத்துக்கு ஏழரை சதவீதம் என்று வைத்தாலும் வட்டி 22,500தான். வரம்பு வங்கிக்கு வங்கி தனி. அந்த வங்கி தன்னிடம் இருக்கும் டெபாசிட்டை மட்டும்தான் பார்க்கும். ஆனால் ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் போட்டால் தனித்தனி ஆகாது. இப்போது எல்லாம் ஒரே கணினியில் இருப்பதால் எல்லாக் கிளைகளின் வட்டியையும் கூட்டித்தான் பார்க்கிறார்கள். உங்கள் மாமியார் விஷயமும் இதே கணக்குதான். அறுபது வயது ஆனவர்களுக்கு இந்த ஆண்டிலிருந்து வரம்பு 1 லட்சம் ரூபாய். அவருடைய 5 லட்சத்துக்கு நாற்பதாயிரம் வட்டிகூட வராது. அதனால் அவரிடம் கை வைக்கவில்லை. அவர் எந்தப் படிவமும் கொடுக்க வேண்டியதில்லை.

சரி, இப்போது நிறுத்துவது எப்படி?

வங்கிக்குத் தெரியாததை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கான தாளின் பெயர் 15ஜி படிவம். "என் மொத்த வருமானத்துக்கு இந்த ஆண்டு வரி வராது, பிடிக்காதீர்கள்" என்று நீங்கள் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி அது. அறுபது வயது நிறைந்தவர்களுக்கு, அந்த நிதியாண்டுக்குள் நிறையப்போகிறவர்களுக்கும்கூட, இதே வேலையைச் செய்வது 15ஹெச். உங்களுக்கு 54 என்பதால் 15ஜிதான். கவுண்டரில் கை தவறி 15ஹெச் எடுத்துக் கொடுத்துவிடுவதுண்டு, மேலே இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

15ஜி கொடுக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு, இரண்டும் பொருந்த வேண்டும். உங்கள் மொத்த வருமானத்துக்கு வரி பூஜ்யமாக இருக்க வேண்டும். அதோடு, நீங்கள் பெறும் வட்டி வகையறா வருமானத்தின் கூட்டுத்தொகை வரியில்லா வரம்பான 4 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 15ஹெச்சில் இரண்டாவது நிபந்தனை இல்லை.

இந்த வேறுபாடு உங்களைப் பாதிக்காது, ஆனால் வேறு சில வாசகர்களைப் பாதிக்கும் என்பதால் சொல்கிறேன். 12 லட்சம் வரை வருமானம் இருந்தால் தள்ளுபடியால் வரி பூஜ்யமாகிவிடும் என்று இந்த ஆண்டு எல்லோரும் பேசுகிறார்கள். அது உண்மைதான். அதை நம்பி 5 லட்சம் வட்டி வாங்கும் ஐம்பது வயதுக்காரர் 15ஜி கொடுத்தால் அது செல்லாது. அவருக்கு வரி பூஜ்யம், ஆனால் வட்டி 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவர் வருமான வரி அதிகாரியிடம் விண்ணப்பித்து, குறைத்துப் பிடிக்கச் சொல்லும் சான்றிதழ் வாங்க வேண்டும், அல்லது பிடித்த பிறகு ரீஃபண்ட் கேட்க வேண்டும். அதே வட்டியை அறுபத்தைந்து வயதுக்காரர் வாங்கினால், வேறு வருமானமும் சேர்ந்து வரி வராதவரை 15ஹெச் கொடுத்துவிட்டுப் போகலாம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பெரிய டெபாசிட்டின் வட்டி 84,000. கூட்டுறவு வங்கி வட்டி 22,500. தையலில் மாதம் ஆறாயிரம் என்றால் வருடம் 72,000. சேமிப்புக் கணக்கில் சில்லறையாக வரும் வட்டி 1,500 என்று வையுங்கள். கூட்டினால் 1,80,000. மகன் அனுப்புவதை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். பெற்ற பிள்ளை தாய்க்குக் கொடுக்கும் பணம் தாயின் வருமானம் ஆகாது. மகனின் சம்பளமும் உங்கள் கணக்கில் வராது, வரி ஆளுக்கு ஆள் தனி. இறந்தவருக்காக வந்த இன்சூரன்ஸ் தொகைக்கும் வரி இல்லை, அதிலிருந்து வரும் வட்டி மட்டும்தான் வருமானம். ஆக 1,80,000 எங்கே, 4,00,000 எங்கே! இரண்டு நிபந்தனைக்கும் உள்ளே வசதியாக இருக்கிறீர்கள்.

படிவத்தை நிரப்பும்போது தடுக்கி விழும் இடங்கள் இரண்டு மூன்றுதான். பெயர், முகவரி, பான் எல்லாம் நீங்களே எழுதிவிடுவீர்கள். பெயர் பான் அட்டையில் இருக்கிறபடியே இருக்கட்டும். நான்காவது கட்டத்தில் கேட்கும் ஆண்டு, வருமானம் வரும் ஆண்டு. அங்கே 2025-26 என்று எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் மதிப்பீட்டு ஆண்டான 2026-27 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் இந்த ஆண்டுக்கு உங்களிடம் படிவமே இல்லை என்று ஆகிவிடும். பதினைந்தாவது கட்டத்தில், இதற்கு முன் வரி மதிப்பீட்டுக்கு உட்பட்டவரா என்று கேட்பார்கள். இதுவரை நீங்கள் ரிட்டர்ன் தாக்கல் செய்ததில்லை என்றால் இல்லை என்று குறியுங்கள்.

பதினாறாவது கட்டம்தான் முக்கியம். இந்தப் படிவம் எந்த வருமானத்துக்காகக் கொடுக்கப்படுகிறதோ அந்தத் தொகையை அங்கே கேட்கிறார்கள். இந்த வங்கியில் இந்த ஆண்டு வரும் வட்டி, அதாவது 84,000. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேராவது அங்கே டெபாசிட் தொகையை எழுதிக்கொண்டு வருவதை நான் பார்க்கிறேன். நீங்கள் 12,00,000 என்று எழுதினால் உங்கள் வட்டியே 12 லட்சம் என்று அர்த்தமாகிவிடும். வரம்பைத் தாண்டிவிட்டது என்று அந்தப் படிவத்தை ஒதுக்கிவிடுவார்கள். பதினேழாவது கட்டத்தில் எல்லா வருமானமும் சேர்ந்த தொகை, 1,80,000. கூட்டுறவு வங்கி வட்டிக்குப் பிடித்தம் இல்லை என்பதற்காக அதை இங்கே விட்டுவிடக் கூடாது. பதினெட்டில், வேறு எங்காவது 15ஜி கொடுத்திருக்கிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை, பூஜ்யம். பத்தொன்பதில் டெபாசிட்டின் கணக்கு எண், வட்டி வருமானம் என்ற விவரம், சட்டப்பிரிவு 194ஏ, தொகை 84,000. கணக்கு எண்ணை ரசீதைப் பார்த்து எழுதுங்கள், சேமிப்புக் கணக்கின் எண்ணைப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு வங்கி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் சொந்தப் பெரியம்மாவுக்கு இது நடந்தது. ஏப்ரல் முதல் வாரமே படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். கிளையில் அதை வாங்கி ஒரு கட்டோடு வைத்துவிட்டார்கள், கணினியில் ஏற்றவே இல்லை. ஜூலையில் வட்டி குறைந்து வந்தபோது போய்க் கேட்டால், கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்றார்கள். ஆதாரம் இல்லை. அந்தக் காலாண்டில் போனதை அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்டுத்தான் வாங்க முடிந்தது. எழுபது வயதில் அந்த அம்மா அதற்காக எத்தனை முறை நடந்தார் என்பது எனக்கு இன்னும் மனதில் இருக்கிறது.

படிவத்தை ஏற்றினால் அதற்கு ஒரு தனி அடையாள எண் உருவாகும். அந்த எண்ணோடுதான் வங்கி உங்கள் உறுதிமொழியை வரித்துறைக்குத் தெரிவிக்கும். முடிந்தால் அந்த எண்ணையும் கேட்டு உங்கள் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். பல வங்கிகளின் செயலியிலேயே இந்தப் படிவத்தைக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் எண் உடனே கிடைத்துவிடும், காகிதக் கட்டுக்குள் முடங்கிவிடும் பயமும் இல்லை. மகன் ஊருக்கு வரும்போது உங்கள் போனில் செய்துதரச் சொல்லலாம், ஆனால் இந்த முறை அதற்காகக் காத்திருக்காமல் நேரில் கொடுத்துவிடுங்கள்.

வேலை நடந்ததா என்று தெரிந்துகொள்ள வழி எளிது. அடுத்த வட்டி வரும்போது பாஸ்புக்கைப் பதிவு செய்யுங்கள். 21,000 வந்தால் சரி. 18,900 வந்தால் அன்றே போய் உங்கள் பிரதியைக் காட்டுங்கள். பிடித்த பணத்தை வங்கி அரசுக்குக் கட்டும் முன்பு கேட்டால் திருப்பி வரவு வைக்கச் சில கிளைகள் முயற்சி செய்யும். சாதாரண மாதங்களில் அதை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு வங்கியிடம் சண்டை போட்டுப் பயன் இல்லை, அவர்கள் கையில் பணம் இல்லை.

இன்னொரு விஷயம், இந்தத் தாளின் ஆயுள் மார்ச் 31 வரைதான். ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். முதல் காலாண்டு வட்டி வருவதற்கு முன்பே கொடுத்துவிட்டால் ஒரு ரூபாய்கூடப் போகாது. வருட நடுவில் புதிய டெபாசிட் போட்டாலோ, பழையது முடிந்து வேறு எண்ணில் புதுப்பித்தாலோ, ஏற்கனவே கொடுத்த படிவம் அதற்கும் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். பொருந்தாது என்றால் இன்னொன்று கொடுக்க வேண்டும். வரும் ஏப்ரலில் இன்னும் ஒரு கவனம் வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் போய் 2025ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. அதனால் வீட்டில் மிச்சமிருக்கும் பழைய 15ஜி தாளை நிரப்பிக் கொண்டுபோகாதீர்கள். புதிய ஆண்டுக்கான உறுதிமொழிப் படிவம் எது என்று வங்கியிலேயே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், போன பணம்.

இதில் இரண்டு பங்கு இருக்கிறது. 2024-25இல் நான்கு காலாண்டுக்கும் சேர்த்துப் பிடித்த 8,400. இந்த ஆண்டில் இதுவரை இரண்டு முறை பிடித்த 4,200. இன்று 15ஜி கொடுத்தால் இந்த ஆண்டின் மீதி 4,200 தப்பிக்கும். ஆனால் ஏற்கனவே போனது அந்தத் தாளால் திரும்பாது. அதற்கு வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லாதவர் எதற்கு ரிட்டர்ன் போட வேண்டும் என்று தோன்றும். இங்கே ரிட்டர்ன் என்பது, "எனக்கு வரி இல்லை, நீங்கள் வைத்திருப்பதைத் திருப்பிக் கொடுங்கள்" என்ற மனு. அப்படி நினைத்துக்கொண்டால் பயம் வராது.

முதலில் 8,400-ஐப் பார்ப்போம். அந்த ஆண்டுக்கான ரிட்டர்னுக்கு வழக்கமான கெடு செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. தாமத ரிட்டர்ன் போட 2025 டிசம்பர் 31 வரை இடம் இருக்கிறது. தாமதக் கட்டணம் வருமோ என்று கவலைப்பட வேண்டாம். அந்த ஆண்டு வரியில்லா வரம்பு 3 லட்சம், உங்கள் வருமானம் அதற்குக் கீழே. ரிட்டர்ன் போட வேண்டிய கட்டாயமே இல்லாதவருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. டிசம்பர் 31 தாண்டிவிட்டால் நிலைமை வேறு. அதற்குப் பிறகு போடும் ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்னில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி வரித்துறை அதிகாரிக்குத் தனியாக மனுப் போட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கேட்கலாம். 8,400 ரூபாய்க்காக அந்த வழியில் அலைய வேண்டிய நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

ரிட்டர்னில் எந்தப் படிவம் என்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. வட்டி வருமானம் மட்டும் இருப்பவர்களுக்கு ஐடிஆர்-1 போதும். பிரவுசிங் சென்டரில் உங்களுக்கும் அதையே போட்டுவிடுவார்கள். ஆனால் வீட்டில் தைத்துச் சம்பாதிப்பது தொழில் வருமானம். அதற்கு ஐடிஆர்-1இல் இடமே இல்லை. நீங்கள் போட வேண்டியது ஐடிஆர்-4. தையலில் மொத்தம் எவ்வளவு வந்தது, அதில் எவ்வளவு நின்றது என்ற இரண்டு தொகைதான் அதில் முக்கியம். சிறு தொழில் செய்பவருக்குக் கணக்குப் புத்தகம் கேட்காத முறை அது. தையலை மறைத்துவிட்டு வட்டியை மட்டும் காட்டினால் வேலை சுலபமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். காட்டினாலும் உங்களுக்கு வரி பூஜ்யம்தான். உண்மையை எழுதுவதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லாதபோது பொய் எதற்கு?

தாக்கல் செய்வது incometax.gov.in தளத்தில். பான் எண்ணை வைத்துப் பதிவு செய்து உள்ளே போனதும் 26ஏஎஸ் என்ற அறிக்கையை முதலில் திறந்து பாருங்கள். உங்கள் வங்கி பிடித்து, உங்கள் பெயரில் கட்டியது எல்லாம் அதில் இருக்கும். 2024-25க்கு 8,400 அங்கே தெரிந்தால்தான் அது கிடைக்கும். தெரியவில்லை என்றால் ரிட்டர்ன் போடும் முன் வங்கிக்குப் போய், பான் எண்ணைத் தவறாக ஏற்றிவிட்டார்களா என்று கேட்டுத் திருத்தச் சொல்ல வேண்டும். பிறகு ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கை அதே தளத்தில் சரிபார்த்து வைக்க வேண்டும். ரிட்டர்னை அனுப்பிய பின், ஆதாரோடு இணைந்த போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு உறுதி செய்ய வேண்டும். இந்தக் கடைசிப் படியை 30 நாளுக்குள் செய்யாவிட்டால் அனுப்பியது அனுப்பாததற்குச் சமம். உங்கள் விஷயத்தில் இது டிசம்பர் 31 கெடுவையும் தவறவிட்டதாக ஆகிவிடலாம், எனவே அனுப்பிய அன்றே உறுதி செய்துவிடுங்கள்.

பிரவுசிங் சென்டரிலோ வேறு ஒருவரிடமோ கொடுத்துச் செய்தால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பதிவாகும் போன் எண் உங்களுடையதாக இருக்க வேண்டும், வங்கிக் கணக்கும் உங்களுடையதாக இருக்க வேண்டும். "ரீஃபண்டில் இவ்வளவு பங்கு கொடுங்கள், கூடுதலாக வாங்கித் தருகிறேன்" என்று சொல்பவரிடம் போகவே போகாதீர்கள். ரீஃபண்டுக்குத் துறை தரும் சிறு வட்டியைத் தவிர, பிடித்ததற்கு மேல் எதுவும் திரும்ப வராது. வந்ததாகக் காட்டினால் அது பொய்க் கணக்கு, பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இந்த ஆண்டின் 4,200-க்கு 2026 ஏப்ரலிலேயே அவசரப்பட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரையான விவரத்தை வங்கிகள் மே மாதக் கடைசிக்குள்தான் வரித்துறைக்குக் கொடுக்கும். டிடிஎஸ் சான்றிதழான 16ஏ, ஜூன் நடுவில் கிடைக்கும். அதை வாங்கி 26ஏஎஸ்ஸோடு ஒத்துப் பார்த்துவிட்டு ஜூலை 31-க்குள் போட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து பிடித்தமே இருக்காது என்பதால் இந்த வேலையும் இருக்காது.

மாமியார் பெயருக்கு மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். பிடித்தத்திலிருந்து தப்பிக்க என்ற ஒரே காரணத்துக்காக இதைச் செய்ய நினைக்கிறீர்கள். அந்த வேலையை ஒரு தாளே செய்துவிடுகிறது. பணத்தை அவர் பெயரில் போட்டால் சட்டப்படி அது அவருடைய பணம். அவருக்குப் பிறகு அவருடைய மற்ற மகன்களுக்கும் மகள்களுக்கும் அதில் பங்கு உண்டு. உங்கள் மகனுக்குத் தந்தையின் பங்கு வழியாக ஏதாவது கிடைக்கலாம், மருமகளாகிய உங்களுக்கு நேராக உரிமை இல்லை. மாமியார் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கணவரின் உயிருக்கு ஈடாக வந்த 12 லட்சத்தை வருடத்துக்கு 8,400 ரூபாய் பிடித்தத்துக்குப் பயந்து கைமாற்றக் கூடாது. அதுவும் இன்னும் முடியாத டெபாசிட்டை முறித்துப் போடுவதென்றால் வட்டியிலும் குறைப்பார்கள்.

நான்கு வங்கியில் பிரித்துப் போடு என்றும் யாராவது சொல்வார்கள். ஒவ்வொன்றிலும் வட்டி 50,000-க்குள் நின்றால் பிடிக்க மாட்டார்கள்தான், அதில் தவறும் இல்லை. ஆனால் வரி வராத உங்களுக்கு அதற்காகப் பிரிக்கத் தேவையில்லை. பிரிக்க வேறு நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு வங்கி விழுந்தால் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான். அதை நினைத்து 2027 ஏப்ரலில் டெபாசிட் முடியும்போது வேண்டுமானால் பிரியுங்கள். அப்போது தனியார் ஃபைனான்ஸ் கம்பெனி அதிக வட்டி தருகிறதே என்று போக நினைத்தால், அங்கே பிடித்தம் தொடங்கும் வரம்பு 10,000 ரூபாய்தான் என்பதையும், இந்தக் காப்பீடு அங்கே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடைசியாக, இந்தக் கையெழுத்தின் கனத்தைப் பற்றி. உங்களுக்கு வரி வராது என்பதை எண்களை எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டோம், நீங்கள் தைரியமாகக் கையெழுத்துப் போடலாம். ஆனால் இதைப் படிக்கும் எல்லோருக்கும் இது பொருந்தாது. சம்பளமோ வாடகையோ சேர்ந்து வரி வருகிறவர், கவுண்டரில் கொடுத்தார்கள் என்று 15ஜியில் கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி. அதற்குச் சிறைத் தண்டனை வரை சட்டத்தில் இடம் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் வட்டி விவரம் முழுவதும் வரித்துறையின் கணினியில் பான் வாரியாக நிற்கிறது.

நாளை காலை வங்கி திறந்ததும் பான் அட்டை, டெபாசிட் ரசீது, பாஸ்புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். 15ஜியைக் கொடுத்து முத்திரை வாங்கியதும், 2024-25க்கான 16ஏ சான்றிதழையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் 8,400-க்கான ரிட்டர்னை அந்த வாரத்திலேயே போட்டுவிடலாம்.